மேட் சுவரிலும் வினைல் தரையிலும் கிரேயான், பென்சில் கிறுக்கலை எடுப்பது எப்படி?

கேள்வி: எங்கள் மகன் ஹால் சுவரில் ஒரு ஆள் அகலத்துக்குக் கிரேயானாலும் பென்சிலாலும் கிறுக்கி வைத்திருக்கிறான். சுவர் பளபளப்பு இல்லாத மேட் பெயிண்ட். பென்சில் கோடுகளை ஈரத்துணியால் தேய்த்ததில் சாம்பல் நிறமாகப் பரவிவிட்டது. கீழே வினைல் தரையிலும் சிவப்பு, நீலக் கிரேயான் தடம் இருக்கிறது. பெயிண்ட் போகாமல், தரை கெடாமல் எப்படி எடுப்பது? பற்பசை, சானிடைசர், மேஜிக் ஸ்பாஞ்ச் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்:

முதலில் கையில் இருக்கும் ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சுவரை ஒரு இரவு முழுக்கக் காய விடுங்கள். பென்சில் கறை ஈரமாக இருக்கும்போது எது செய்தாலும் இன்னும் பரவத்தான் செய்யும்.

பென்சிலும் கிரேயானும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு பொருள்கள். பென்சில் கோடு என்பது கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்த தூள். கிராஃபைட் மெல்லிய தகடு தகடாக வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரின் சொரசொரப்பில் உட்கார்ந்துகொள்ளும். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையாது, ஸ்பிரிட்டிலும் கரையாது. எனவே அதை ஒட்டி எடுத்துத்தான் ஆகவேண்டும். கிரேயான் பெரும்பாலும் பாரஃபின் மெழுகு, அதில் நிறத்தூள் கலந்திருக்கும். மெழுகைத் தண்ணீர் தொடாது, ஆனால் வெதுவெதுப்பில் இளகும், சோப்பு அதைப் பிடித்துக்கொண்டு வரும், மினரல் டர்பென்டைன் அதைக் கரைக்கும். ஆக, பென்சிலை உலர்ந்த நிலையில் எடுக்க வேண்டும், கிரேயானை அதற்குப் பிறகு ஈரத்தில் எடுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் கிராஃபைட் தூள் மெழுகோடும் தண்ணீரோடும் கலந்து சுவர் முழுக்க அழுக்குப் பூச்சாகிவிடும். உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

மேட் பெயிண்டைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும். பளபளப்பான பெயிண்டில் பிசின் அதிகம், அது நிறத்தூளை மூடி மேலே வழவழப்பான படலமாக நிற்கும். மேட் பெயிண்டில் தூள் அதிகம், பிசின் குறைவு. அதனால்தான் அதில் வெளிச்சம் சிதறிப் பளபளப்பு இல்லாமல் தெரிகிறது. கூடவே அந்தப் படலத்தில் நுண்ணிய துளைகளும் இருக்கும். மெழுகும் எண்ணெயும் அந்தத் துளைகளுக்குள் போய் உட்காரும். இன்னொரு பக்கம், மேட் சுவரை அழுத்தித் தேய்த்தால் மேல்முனைகள் மழுங்கி அந்த இடம் மட்டும் பளபளக்கத் தொடங்கும். கறை போன பிறகும் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் ஒரு வட்டம் மின்னும். இதைத் துடைத்து எடுக்க முடியாது, பெயிண்ட் அடித்தால்தான் போகும். கிறுக்கலால் பாழாகும் சுவரைவிட, கிறுக்கலை எடுக்கப் போய்ப் பாழாகும் சுவர்கள்தான் அதிகம் என்பது என் கருத்து.

வேலையைத் தொடங்கும் முன் மூன்று சின்னச் சோதனைகள் செய்துவிடுங்கள். மூன்றும் சோபாவுக்குப் பின்னால் மறைந்திருக்கும் இடத்தில். ஒன்று, உலர்ந்த விரலால் சுவரைத் தடவிப் பாருங்கள். விரலில் வெள்ளைத் தூள் ஒட்டினால் அது டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு. அதில் ஈர வேலை எதுவும் கூடாது, ரப்பரால் முடிந்தவரை எடுத்துவிட்டு அந்தப் பகுதிக்கு மறுபூச்சுதான். இரண்டு, வெள்ளைத் துணியில் சோப்புத் தண்ணீர் தொட்டு நாலு தடவை மெதுவாகத் துடையுங்கள். துணியில் சுவரின் நிறம் வந்தால் அந்த பெயிண்ட் அவ்வளவு தாங்காது என்று அர்த்தம். மூன்று, டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். துடைத்த இடம் காய்ந்த பிறகு பளபளப்பாகத் தெரியாவிட்டால் அந்த அழுத்தத்தில் வேலை செய்யலாம். பெயிண்ட் அடித்து ஒரு மாதம் ஆகவில்லை என்றால் படலம் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. அப்படியானால் பென்சிலை மட்டும் இப்போது எடுத்துவிட்டு, கிரேயானைக் கொஞ்ச நாள் அப்படியே விட்டுவைப்பது நல்லது.

சரி, பென்சிலுக்கு வருவோம். நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளை நிறத்து மென்மையான வினைல் ரப்பரை எடுங்கள். பென்சிலின் பின்னால் இருக்கும் இளஞ்சிவப்பு ரப்பர் வேண்டாம். அதில் சில வகைகளில் நுரைக்கல் தூள் கலந்திருக்கும், அது பெயிண்டை உரசும், சிவப்புத் தடமும் விடும். பழசாகிக் காய்ந்த ரப்பரும் வேண்டாம். புது ரப்பரை முதலில் ஒரு வெள்ளைத்தாளில் தேய்த்து முனையைச் சுத்தமாக்கிக்கொண்டு, ஒரே திசையில் குட்டிக் குட்டியாக இழுங்கள். முன்னும் பின்னும் வேகமாகத் தேய்த்தால் சூடாகிக் கிராஃபைட் மறுபடியும் சுவரில் ஏறும். முனை கறுத்ததும் மீண்டும் தாளில் தேய்த்துச் சுத்தமாக்குங்கள். விழும் துகளைக் கையால் தட்டாதீர்கள். காய்ந்த மென்மையான தூரிகையால் கீழே தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அதிலிருக்கும் கரி கோடாக இழுபடும்.

ஏற்கனவே பரவிய சாம்பல் நிறம் இப்படி முக்கால்வாசி போய்விடும். மிச்சம் இருப்பதற்குச் சோப்புத் தண்ணீர். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் போதும். அதிகம் போட்டால் சோப்பே படிந்து அழுக்கை இழுத்துக்கொள்ளும். மென்மையான வெள்ளைத் துணியை நனைத்து, சொட்டாத அளவுக்கு நன்றாகப் பிழிந்து, கறையின் மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு ஒற்றலுக்கும் துணியில் புது இடத்துக்கு மாறுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அழுக்கேறிய துணியின் அதே பக்கத்தை மறுபடி வைப்பதால்தான் சுவர் மங்கலாகிறது. அப்புறம், சுவரில் ஈர வேலையைக் கீழே இருந்து மேலே செய்யுங்கள். மேலே இருந்து தொடங்கினால் சொட்டும் தண்ணீர் காய்ந்த சுவரில் ஓடித் தாரை தாரையாகத் தடம் விடும். சுவிட்ச், பிளக் பக்கத்தில் வேலை என்றால் முதலில் அந்தச் சுற்றின் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள்.

கலர் பென்சில் கோடும் இருந்தால் அதை இடைப்பட்டது என்று வையுங்கள். அதில் மெழுகும் உண்டு, தூளும் உண்டு. முதலில் ரப்பர், பிறகு கிரேயானோடு சேர்த்து ஈர வேலை.

இப்போது கிரேயான். பெட்டி இன்னும் கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கழுவினால் போகும் வகை என்று அச்சிட்டிருந்தால் மேலே சொன்ன சோப்புத் தண்ணீரே பெரும்பாலும் போதும். சாதாரண மெழுகு கிரேயான் என்றால் முதல் வேலை மெழுகின் கனத்தைக் குறைப்பது. கடினமான பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றைச் சுவரோடு கிட்டத்தட்டப் படுக்கவைத்து, மேலே திரண்டு நிற்கும் மெழுகை மட்டும் சீவி எடுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் அட்டையின் முனை பெயிண்டில் கீறல் போடும். கத்தி, பிளேடு பக்கமே போகவேண்டாம்.

ஹேர் டிரையரால் சூடாக்கித் துடைக்கலாமே என்று பலர் சொல்வார்கள். பளபளப்பான எனாமல் சுவரிலும் சாட்டின் சுவரிலும் அது நன்றாக வேலை செய்யும். ஒரு சாண் தூரத்தில் வைத்து, ஆட்டிக்கொண்டே மிதமான சூடு காட்டி, மெழுகு பளபளவென்று மின்ன ஆரம்பித்ததும் டிஷ்யூவை ஒற்றினால் மெழுகு அதில் ஏறிவிடும். மேட் சுவரில் மட்டும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இளகிய மெழுகு வெளியே வருவதைவிட உள்ளே துளைகளுக்குள் போவதுதான் அதிகம். நிறம் போனாலும் எண்ணெய் ஊறிய காகிதம் போல ஒரு கருமையான நிழல் நின்றுவிடும்.

உங்கள் சுவருக்குச் சோப்பும் சமையல் சோடாவும்தான். கை தாங்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, முன்பு சொன்னபடி அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்துகொள்ளுங்கள். அந்தச் சூடே மெழுகைக் கொஞ்சம் தளர்த்தும். ஒற்றிப் பார்த்தும் போகாத கோடுகளுக்கு மூன்று பங்கு சமையல் சோடாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துக் கெட்டியான பசை பிசைந்து, ஈரத்துணியில் பட்டாணி அளவு எடுத்து, கோட்டின் நீளவாக்கிலேயே விரல்நுனி எடையில் இழுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். வட்டம் போட்டால் கோட்டுக்கு வெளியே இருக்கும் நல்ல பெயிண்டும் தேய்ந்து போகும். சோடா மிக மென்மையான உராய்வுப் பொருள், மெழுகை உதிர்க்கும் அளவுக்குத்தான் அதற்கு வலு உண்டு. பத்து இழுப்பு ஆனதும் நிறுத்தித் துணியைப் பாருங்கள். கிரேயான் நிறம் வந்தால் தொடரலாம். சுவரின் நிறம் வர ஆரம்பித்தால் அந்த இடத்தில் வேலை முடிந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். கடைசியில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடையுங்கள். சோடா மிச்சம் இருந்தால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். கறை இருந்த இடத்தை மட்டும் கழுவினால் அழுக்குச் சுவரின் நடுவே சுத்தமான ஒரு திட்டு தெரியும், அதனால் கடைசித் துடைப்பைச் சுற்றிலும் கொஞ்சம் அகலமாக, விளிம்பு மங்கும்படி எடுத்துச் செல்லுங்கள்.

நீங்கள் கேட்ட மூன்று பொருள்களில் மேஜிக் ஸ்பாஞ்ச் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். அது மெலமைன் பிசினால் ஆன நுரை. நனைத்தால் மெத்தென்று இருக்கும், ஆனால் அதன் நுண்ணிய இழைகள் கடினமானவை. மிக மெல்லிய உப்புத்தாளைப் போல அது மேற்பரப்பையே சீவுகிறது. அதனால்தான் கிரேயான் உடனே போகிறது. அதே காரணத்தால்தான் மேட் சுவரில் பளபளத் திட்டும், பளபளச் சுவரில் மங்கல் திட்டும் விழுகின்றன. நுட்பமான கோடு ஒன்று இரண்டு மிச்சம் இருந்தால், நன்றாக நனைத்து, எடையே வைக்காமல், இரண்டே இழுப்பு. அதற்கு மேல் வேண்டாம். பற்பசையில் உராய்வுத் தூளோடு நிறமும் வாசனைப் பொருளும் இருக்கும், சோடா செய்யாத எதையும் அது கூடுதலாகச் செய்யாது. சானிடைசர் வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் ஆல்கஹால் மெழுகை அவ்வளவாகக் கரைக்காது, ஆனால் எமல்ஷன் பெயிண்டை இளக்கிவிடும். சுவரில் இருப்பது எமல்ஷனா எனாமலா என்று பார்க்க பெயிண்டர்கள் பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பதே இதனால்தான். நிறம் பஞ்சில் வந்தால் எமல்ஷன். சமையல் எண்ணெய், மயோனைஸ் போன்றவை மெழுகை இளக்கும் என்பது உண்மைதான், ஆனால் மேட் சுவரில் எண்ணெய்க் கறை கிரேயானைவிடப் பெரிய தலைவலி.

தரைக்கு வருவோம். வினைல் தரையின் மேல் ஒரு தெளிவான தேய்மானப் படலம் இருக்கும், பெரும்பாலானவற்றில் அதன் மேல் பாலியூரித்தேன் பூச்சும் இருக்கும். சுவரைப் போல அது உறிஞ்சாது, ஆகவே கறை எடுப்பது சுலபம். ஆனால் சூட்டுக்கும் வலுவான கரைப்பான்களுக்கும் அது சுவரைவிட மென்மையானது. நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், அசிட்டோன் எதுவும் தரையில் படக்கூடாது. பட்ட இடம் இளகி, மங்கி, பிசுபிசுத்துவிடும். இஸ்திரிப் பெட்டியைக் காகிதத்தின் மேல் வைத்து மெழுகை உறிஞ்சும் பழக்கம் துணிக்குச் சரி, வினைல் தரைக்குக் கூடாது. தரை நெளியும், அடியில் உள்ள பசையும் விட்டுப்போகும்.

முதலில் தரையைக் கூட்டி மணலை எடுத்துவிடுங்கள். பிறகு பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி போட்டு, கனமாக மெழுகு இருக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள். மெழுகு இறுகி உடையும் தன்மைக்கு வந்ததும் அதே பிளாஸ்டிக் அட்டையைத் தரையோடு படுக்கவைத்துத் தள்ளினால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். அடுத்தது சோப்புத் தண்ணீரும் பழைய மென்மையான டூத்பிரஷும். மரக்கோடு போல மேடு பள்ளம் அச்சிட்ட தரை என்றால் கிரேயான் பள்ளத்தில்தான் இருக்கும், எனவே அந்தக் கோடுகளின் போக்கிலேயே பிரஷை ஓட்டுங்கள். பென்சில் கோடுகள் இங்கே சோப்புத் துணிக்கே போய்விடும், அடம்பிடித்தால் வெள்ளை ரப்பர். அந்த ரப்பரைத் தரையிலேயே மறந்து வைத்துவிடாதீர்கள். ரப்பரில் இருக்கும் மென்மையாக்கும் பொருள் நாளடைவில் வினைலுக்குள் இறங்கிப் பிசுபிசுப்பான தடத்தை உண்டாக்கும்.

உங்கள் சிவப்பும் நீலமும் அதற்குப் பிறகும் நிழல் போல நின்றால் மினரல் டர்பென்டைன். தரையில் ஊற்றக்கூடாது. வெள்ளைத் துணியின் மூலையில் சில துளிகள் மட்டும் தொட்டு, கறையின் வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். பலகை பலகையாகப் பதித்த வினைல் என்றால் இணைப்புக் கோடுகளில் ஒரு துளியும் இறங்கக்கூடாது, அடியில் உள்ள பசையை அது கரைத்துவிடும். கறை துணிக்கு மாறியதும் உடனே சோப்புத் தண்ணீரால் துடைத்து, வெறும் தண்ணீரால் துடைத்து, காய்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் வழுக்கும்.

மினரல் டர்பென்டைன் எளிதில் தீப்பிடிக்கும், அதன் ஆவியை மூச்சில் இழுப்பதும் நல்லதல்ல. ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டு, அடுப்பு, ஊதுபத்தி, ஹேர் டிரையர் எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். குடிக்கிற பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை ஒரு வாய் குடித்தாலே நுரையீரலுக்குள் இறங்கி ஆபத்தாகிவிடும். பயன்படுத்திய துணியை உருட்டி வீசாமல் வெளியே விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும்.

இதையெல்லாம் செய்த பிறகும் மேட் சுவரில் வெளிறிய சிவப்பு நிற்கலாம். சிவப்பும் கருநீலமும் அப்படித்தான் அடம்பிடிக்கும். அங்கே தேய்ப்பதை நிறுத்திவிட்டு, ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துத் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். சுவர் சீராக நனைந்தால் மெழுகு போய்விட்டது, நிறம் மட்டுமே மிச்சம். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் மெழுகு இன்னும் இருக்கிறது. அதன் மேல் தண்ணீர் கலந்த பெயிண்டை நேரடியாக அடித்தால் அது ஒட்டாமல் விலகும், இல்லையென்றால் நாலைந்து நாளில் சிவப்பு மேலே கசிந்து வரும். துணியில் கொஞ்சம் மினரல் டர்பென்டைன் தொட்டு மெழுகு உள்ள இடத்தைத் துடைத்து, ஒரு நாள் காய விடுங்கள். பிறகு கறை தடுக்கும் ப்ரைமர், அதாவது அரக்கு அல்லது எண்ணெய் அடிப்படையிலானது, கறை மறையும் அளவுக்கு ஒரு பூச்சு. தண்ணீர் கலந்த சாதாரண ப்ரைமர் இதற்கு உதவாது. அது காய்ந்ததும் பழைய டப்பாவில் மிஞ்சிய அதே பெயிண்டை இரண்டு பூச்சாக அடியுங்கள். திட்டாக மட்டும் அடித்தால், சுவர் பழசாகி நிறம் மங்கியிருப்பதால் திட்டு தனியாகத் தெரியும். ஒரு ஆள் அகலத்துக்குக் கறை என்கிறீர்கள், ஆகவே ப்ரைமரைக் கறையின் மேல் மட்டும் அடித்து, கடைசிப் பூச்சை ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை அந்தச் சுவர் முழுக்க அடித்துவிடுங்கள்.